‘நல்ல கண்டிஷன், விலை நேரில்’: பழைய பொருள் விற்க எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வேளச்சேரி, பள்ளிக்கரணை, மேடவாக்கம் வட்டாரத்து வாங்கல் விற்றல் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் அக்கம்பக்கத்தாருக்கு,

நம் குழுவில் அடிக்கடி இந்த மாதிரி ஒரு பதிவு வருகிறது:

“வாஷிங் மெஷின் விற்பனைக்கு. நல்ல கண்டிஷன். நன்றாக ஓடுகிறது. வீடு மாறுவதால் அவசர விற்பனை. விலை நேரில். தேவைப்படுவோர் தனியாக மெசேஜ் செய்யவும்.”

கூடவே ஒரு படம். பெரும்பாலும் கம்பெனி விளம்பரத்தில் இருந்து எடுத்த படமாகத்தான் இருக்கும். பதிவு வந்த அரை மணி நேரத்தில் “இன்னும் இருக்கா சார்?”, “எத்தனை கிலோ?”, “லாஸ்ட் எவ்வளவு?”, “எந்த ஏரியா?” என்று மெசேஜ்கள் வரிசையாக வரும். விற்பவர் எல்லோருக்கும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் வருவதாகச் சொல்வார்கள், ஒருவர் வருவார். அவரும் மாடிப்படியைப் பார்த்துவிட்டு “லிஃப்ட் இல்லையா?” என்று கேட்டுத் திரும்பிவிடுவார். மாதக் கடைசியில் அந்த மெஷின் காயலான் கடைக்குப் போகும்.

நான் வாஷிங் மெஷின் சர்வீஸ் வேலையில் இருந்தவன். இப்போதும் தெரிந்தவர்கள் பழைய மெஷின் பார்க்கப் போகும்போது கூட வரச் சொல்வார்கள். இன்னும் பல வருஷம் ஓடக்கூடிய மெஷின், நாலு வரி சரியாக எழுதாததால் இரும்பு விலைக்குப் போவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. அதனால் மேலே உள்ள அந்தப் பதிவையே எடுத்து, முழுதாகத் திருத்தி எழுதிக் காட்டலாம் என்று இந்த மடல். ஃப்ரிட்ஜ், கட்டில், சைக்கிள் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு வேறு. ஒரே பொருளில் ஆழமாகப் போனால்தான் வழி தெரியும் என்பதால் ஃப்ரண்ட் லோட் வாஷிங் மெஷினோடு நிற்கிறேன். நம் குழுவில் விற்கப்படும் பெரிய பொருள்களில் இதைப் பற்றித்தான் எழுதாமல் விடுவது அதிகம்.

எழுத உட்காரும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். இந்தப் பதிவைப் படிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இந்த மெஷின் ஒத்துவராது. ஒருவர் வீட்டுக் குளியலறைக் கதவு சிறியதாக இருக்கும், ஒருவர் பட்ஜெட் ஐந்தாயிரமாக இருக்கும், இன்னொருவருக்கு டாப் லோட்தான் வேண்டும். அவர்கள் எல்லோரும் பதிவைப் படித்ததுமே “இது நமக்கு இல்லை” என்று நகர்ந்துவிட்டால், மிஞ்சும் இரண்டு மூன்று பேர் வண்டியோடும் பணத்தோடும் வருவார்கள். வர வேண்டாதவர் வராமல் இருப்பதற்காகவும் எழுதுகிறோம் என்று நினைத்துக்கொண்டால் எதை எழுத வேண்டும் என்பது தானாகப் பிடிபடும்.

இனி நம் உதாரண வீடு. பள்ளிக்கரணையில் இரண்டாம் மாடி. 7 கிலோ ஃப்ரண்ட் லோட் மெஷின், 2019 ஜூனில் 27,500 ரூபாய்க்கு வாங்கியது. மூன்று பேர் குடும்பம். கதவு ரப்பரில் ஒரு சின்னக் கிழிசல்; ஒவ்வொரு துவைப்புக்கும் தரையில் அரை டம்ளர் தண்ணீர் சொட்டுகிறது, அடியில் ஒரு மிதியடி போட்டுச் சமாளிக்கிறார்கள். 2023இல் டிரெயின் பம்ப் மாற்றினார்கள். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இத்தனையும் விற்பவருக்குத் தெரியும். வீடு மாறுவதைத் தவிர, பதிவில் ஒன்றுகூட இல்லை.

முதல் வரியில் இருந்து தொடங்குவோம். வாட்ஸ்அப்பில் நீளமான செய்தி முழுதாகத் தெரியாது. மேலே உள்ள சில வரிகள் மட்டும் தெரியும், மீதியைத் தட்டித்தான் திறக்க வேண்டும். அதனால் என்ன பொருள், என்ன வகை, எத்தனை கிலோ, என்ன விலை, எந்த இடம் ஆகிய ஐந்தும் முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும். “அவசர விற்பனை”க்கு அங்கே இடமில்லை. அந்தச் சொல்லைப் பார்த்ததும் வாங்குபவர் அடிமாட்டு விலை கேட்கலாம் என்றுதான் புரிந்துகொள்கிறார். காலி செய்யும் தேதியைக் கடைசியில் அமைதியாக எழுதினால் போதும்.

அடுத்தது நிலை. எல்லோரும் “நல்ல கண்டிஷன்” என்று ஒரே மூச்சில் தாண்டிப் போகும் இடம். வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது மூன்று: எது சோதித்துப் பார்த்து ஓடுகிறது, எது ஏற்கெனவே மாற்றப்பட்டிருக்கிறது, எது இப்போது கெட்டிருக்கிறது. இதை எழுத மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதில்லை. வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

ஃப்ரண்ட் லோட் மெஷினில் வாங்குபவர் பயப்படும் முதல் விஷயம் பேரிங். டிரம்மின் பின்னால் இருக்கிறது, அதை மாற்ற உள்பகுதி முழுவதையும் கழற்ற வேண்டும். கூலியும் சேர்த்தால் செலவு பெரிதாகிவிடும். பேரிங் போய்விட்டதா என்று பார்க்க, மெஷினை அணைத்துவிட்டு, காலி டிரம்மைக் கையால் சுற்றுங்கள். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றினால் நல்லது. மணல் அரைபடுவது மாதிரி கரகரத்தால் சந்தேகம். பிறகு டிரம்மின் மேல் விளிம்பை உள்ளிருந்து பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். டிரம்மும் அதைச் சுற்றியுள்ள தொட்டியும் சேர்ந்து ஆடினால் அது ஸ்பிரிங்கில் தொங்குவதால் வரும் ஆட்டம், இருக்க வேண்டியதுதான். தொட்டி அசையாமல் டிரம் மட்டும் ரப்பருக்குள் ‘லொடக்’ என்று ஆடினால் பேரிங்கில் இடைவெளி விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாவதாக, ஈரத்துணி போட்டு ஸ்பின் விடுங்கள். அதை வீடியோ எடுங்கள். டி.வி.யையும் ஃபேனையும் அணைத்துவிட்டு, ஸ்பின் தொடங்குவதில் இருந்து முழு வேகம் பிடித்து, மறுபடி நிற்கும் வரை வெட்டாமல் எடுங்கள். பேரிங் போன மெஷின் முழு வேகத்தில் ஏரோப்ளேன் கிளம்புகிற மாதிரி உறுமும். அந்தச் சத்தம் இல்லாத ஒரு வீடியோவுக்கு முன்னால் பத்து வரி உத்தரவாதம் நிற்காது.

ஹீட்டரையும் பாருங்கள். போர்வெல் தண்ணீரில் ஓடிய மெஷின் என்றால் ஹீட்டரில் உப்புப் படிந்திருக்கும். சில வீடுகளில் ஹீட்டர் போயே பல மாதம் ஆகியிருக்கும். குளிர்ந்த தண்ணீரிலேயே துவைப்பதால் யாருக்கும் தெரிந்திருக்காது. 60 டிகிரி வைத்து ஓடவிட்டு, அரை மணி கழித்துக் கதவுக் கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள். கதகதப்பு இருந்தால் “ஹீட்டர் வேலை செய்கிறது, 60 டிகிரியில் பார்த்தது” என்று எழுதலாம். இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். குழந்தைத் துணிக்காக வெந்நீர்த் துவைப்பு வேண்டும் என்று தேடுகிறவர் ஒதுங்கிக்கொள்வார். தேவையில்லாதவர் கவலைப்படாமல் வாங்குவார்.

இப்போது அந்தக் கிழிசல். விற்பவர்கள் தயங்குவது இங்கேதான். “எழுதினால் யாரும் வர மாட்டார்களே” என்பார்கள். நான் கூடப் போய்ப் பார்த்த இடங்களில் கண்டது வேறு. எழுதாமல் விட்ட குறையை வாங்குபவர் நேரில் கண்டுபிடிக்கும்போது, அந்தக் குறைக்கான செலவை மட்டும் கழிப்பதில்லை. “இதை மறைத்தவர் இன்னும் எதை மறைத்திருக்கிறாரோ” என்று அதற்கும் சேர்த்துக் கழிக்கிறார். தரையில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தவுடன் பாதி விலை கேட்பார். குறையை முன்பே எழுதி, மெக்கானிக்கிடம் கேட்டு ரப்பர் மாற்ற ஆகும் செலவையும் எழுதிவிட்டால், கழிவு அந்தத் தொகையோடு நின்றுவிடும்.

படம் எடுப்பதிலும் இதே நேர்மை வேண்டும். கதவைத் திறந்து, ரப்பரின் கீழ் மடிப்பைக் கட்டைவிரலால் இழுத்துப் பிடித்து, போன் லைட்டைப் போட்டு எடுங்கள். அந்த மடிப்புக்குள் சட்டைப் பித்தான், ஹேர்பின், ஒரு ரூபாய்க் காசு, கறுத்த அழுக்கு எல்லாம் இருக்கும். முதலில் ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். துடைத்த பிறகும் ரப்பரில் கறும்புள்ளி இருந்தால் அது பூஞ்சை. பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர, தண்ணீர் ஒழுகாது. கிழிசல் அப்படி இல்லை. நம் உதாரணத்தில் கடிகாரத்தின் 5 மணி முள் நிற்கும் இடத்தில் ஒரு சென்டிமீட்டர் கிழிந்திருக்கிறது. அந்த இடத்தை விரலால் காட்டியே படம் எடுங்கள். இன்னும் மூன்று படங்கள் போதும்: முழு மெஷின் முன்னால் இருந்து, அடிப்பக்க மூலைகள் (துரு அங்கேதான் முதலில் பிடிக்கும்), மாடல் எண் உள்ள ஸ்டிக்கர். ஸ்டிக்கர் கதவைத் திறந்தால் உள்விளிம்பிலோ பின்பக்கத்திலோ இருக்கும். மாடல் எண் இருந்தால் வாங்குபவர் உதிரிபாகம் கிடைக்குமா என்று தானே விசாரித்துக்கொள்வார். பில்லைப் படம் எடுத்தால் பெயர், முகவரி, போன் எண் மூன்றையும் மறைத்துவிடுங்கள்.

நம் பகுதியில் கட்டாயம் எழுத வேண்டிய ஒரு வரி உண்டு. 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் எத்தனை தரைத்தள வீடுகளில் தண்ணீர் புகுந்தது என்று உங்களுக்கே தெரியும். ஃப்ரண்ட் லோட் மெஷினில் மோட்டாரும் பம்ப்பும் அடியில்தான் இருக்கின்றன. ஓர் அடித் தண்ணீர் நின்றாலே இரண்டும் நனைந்துவிடும். காயவைத்து ஓட்டினால் சில மாதம் ஓடும், பிறகு துரு தன் வேலையைக் காட்டும். ஆகவே பழைய மெஷின் தேடுகிற ஒவ்வொருவர் மனதிலும் இந்தக் கேள்வி இருக்கிறது, சங்கடத்தால் கேட்பதில்லை. “இரண்டாம் மாடியிலேயே இருந்தது, வெள்ளத் தண்ணீர் பட்டதில்லை” என்று நீங்களே எழுதிவிடுங்கள். பட்டிருந்தால் எந்த ஆண்டு, எவ்வளவு உயரம், பிறகு என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள்.

மெஷின் நன்றாக இருந்தாலும் வாங்குபவர் வீட்டுக்குப் பொருந்தாமல் போகலாம். அதற்கு மூன்று தகவல் போதும். முதலாவது அளவு. பெரும்பாலான ஃப்ரண்ட் லோட் மெஷின்களின் அகலம் 60 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட இரண்டு அடி. பழைய வீடுகளில் குளியலறைக் கதவு இரண்டு, இரண்டரை அடிதான், நிலைச்சட்டம் போக இடைவெளி இன்னும் குறையும். டேப் வைத்து அளந்து அகலம், ஆழம், உயரம் மூன்றையும் எழுதுங்கள். பின்பக்கம் பைப் வளைய இடம் வேண்டும் என்பதையும் சேருங்கள். இரண்டாவது, ஹீட்டர் இருப்பதால் 16 ஆம்பியர் பிளக், அதாவது பெரிய பிளக். வாடகை வீட்டில் துணி துவைக்கும் இடத்தில் சின்ன பிளக் மட்டுமே இருக்கலாம். மூன்றாவது தண்ணீர் அழுத்தம். மேல்நிலைத் தொட்டிக்கு நேர் கீழே, கடைசி மாடியில் இருப்பவர்களுக்குக் குழாயில் வேகம் குறைவாக இருக்கும். அப்படி இருந்தால் மெஷின் தண்ணீர் எடுக்கத் திணறி, பாதியில் நின்று பிழை காட்டும். வாங்கிப் போனவர் மெஷினைத்தான் சந்தேகப்படுவார், உங்களைத்தான் போனில் கூப்பிடுவார்.

இனி விலை. “விலை நேரில்” என்று எழுதினால் பேரம் நமக்குச் சாதகமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது என்னவென்றால், பணம் வைத்திருப்பவர் வேறு பதிவுக்குப் போய்விடுகிறார், சும்மா விசாரிப்பவர் மட்டும் மெசேஜ் அனுப்புகிறார். எண்ணைப் போட்டுவிடுங்கள். எந்த எண் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

நம் விற்பவர் “27,500க்கு வாங்கியது, பாதி விலை, 14,000” என்று நினைத்திருந்தார். நீங்கள் எவ்வளவு கொடுத்து வாங்கினீர்கள் என்பது வாங்குபவருக்கு ஒரு பொருட்டே இல்லை. இதே பணத்துக்கு வேறு என்ன கிடைக்கும் என்றுதான் அவர் பார்ப்பார். பழைய மெஷினைச் சரிசெய்து விற்கும் கடையில் இதே அளவு மெஷின், மூன்று மாத கேரண்டியோடு, வீட்டில் கொண்டுவந்து மாட்டித் தருவதோடு 13,000 என்று வைத்துக்கொள்வோம். அதுதான் உங்கள் கூரை. உங்களிடம் வாங்குபவருக்குக் கூடுதலாக ஆகும் செலவு: குட்டி யானை வண்டியும் இரண்டு ஆள் கூலியும் 1,800, புது இடத்தில் மாட்ட 500, ரப்பர் மாற்ற 2,400. மொத்தம் 4,700. 13,000இல் அதைக் கழித்தால் 8,300. கேரண்டி இல்லாததற்கு ஒரு 800 போகட்டும். 7,500 நியாயமான விலை. தரை எது? ஷோரூமில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்தால் கழித்துத் தரும் தொகை. அது 3,000 என்றால், அதற்குக் கீழே யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. இந்த எண்கள் எல்லாம் கணக்கு போடும் முறையைக் காட்டுவதற்கு. உங்கள் மெஷினுக்குக் கடையிலும் மெக்கானிக்கிடமும் வண்டிக்காரரிடமும் ஒருமுறை கேட்டு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பதிவில் 8,000 எழுதலாம் என்பது என் கருத்து. கறாராக ஒரே விலை என்று எழுதுவதும் சரிதான், ஆனால் நம் ஊரில் ஐநூறு ரூபாயாவது குறைத்தால்தான் வாங்கிய திருப்தி வருகிறது. “போனில் பேரம் வேண்டாம், ஓடவிட்டுப் பார்த்த பிறகு கொஞ்சம் பேசலாம்” என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் “லாஸ்ட் எவ்வளவு” கேள்விகள் பெரும்பாலும் நின்றுவிடும். ரப்பர் செலவு ஏற்கெனவே கழிக்கப்பட்டது என்றும் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அதையே மறுபடியும் கழிக்கக் கேட்பார்கள்.

எடுத்துச் செல்லும் விவரத்தைத்தான் யாருமே எழுதுவதில்லை. ஃப்ரண்ட் லோட் மெஷின் ஆடாமல் நிற்பதற்காக உள்ளே கான்க்ரீட் கட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் 60, 70 கிலோ கனக்கும். எந்த மாடி, லிஃப்ட் உண்டா, படி எவ்வளவு அகலம், வாசல் வரை வண்டி வருமா என்று எழுதாவிட்டால், வருபவர் தன் மச்சானை மட்டும் பைக்கில் கூட்டிக்கொண்டு வருவார். பெரிய குடியிருப்பு என்றால் வெளியே பொருள் கொண்டுபோக கேட் பாஸ் வேண்டுமா, எந்த நேரத்தில் அனுமதி என்பதை செக்யூரிட்டியிடம் முன்பே கேட்டு எழுதுங்கள். கீழே வண்டி நிற்க, மேலே கையெழுத்துக்கு அலையும் நிலை வரக்கூடாது.

அதைவிட முக்கியம் டிரான்சிட் போல்ட். புது மெஷின் வந்தபோது பின்பக்கத்தில் நீளமான போல்ட்டுகள், பெரும்பாலும் நான்கு, டிரம்மை இறுக்கிப் பிடித்திருக்கும். மாட்ட வந்தவர் அவற்றைக் கழற்றி உங்கள் கையில் கொடுத்திருப்பார். பரணிலோ பழைய டூல்ஸ் டப்பாவிலோ தேடுங்கள். அவற்றை மாட்டாமல் வண்டியில் ஏற்றினால் ஒவ்வொரு பள்ளத்திலும் டிரம் ஊசலாடி, தாங்கும் ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் அடிபடும். உங்கள் வீட்டில் அமைதியாக ஓடிய மெஷின் அவர் வீட்டில் நடந்து போகும். “ஏமாற்றிவிட்டார்” என்ற பேச்சு பல நேரம் இங்கேதான் பிறக்கிறது. போல்ட் கிடைக்காவிட்டால் மாடல் எண்ணைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் கேட்கலாம். அதுவும் முடியாவிட்டால் மேல் மூடியைக் கழற்றி, தொட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவில் ஃபோமோ தடித்த போர்வையோ திணித்து, நிற்கவைத்தபடியே, மெதுவாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். படுக்கவைக்கக் கூடாது. போல்ட் இருக்கிறதா இல்லையா என்பது பதிவில் இருக்க வேண்டும்.

மெஷினை முன்கூட்டியே கழற்றி வைக்காதீர்கள். மாட்டியபடி இருந்தால்தான் வருபவர் ஓடவிட்டுப் பார்க்க முடியும். பார்த்து, விலை முடிந்து, பணம் வந்த பிறகு குழாயை மூடி, பைப்பைக் கழற்றி, முன்பக்கம் கீழே உள்ள ஃபில்டரைத் திறந்து அடியில் தட்டு வைத்து உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். வடிக்காமல் தூக்கினால் படி முழுக்கத் தண்ணீர் ஊற்றும், சுமப்பவர் வழுக்குவார்.

பணம் பற்றி ஓர் எச்சரிக்கை. மெஷினைப் பார்க்காமலே “எனக்கு ஓகே, ராணுவத்தில் இருக்கிறேன், ஆளை அனுப்பி எடுத்துக்கொள்கிறேன், அட்வான்ஸ் அனுப்புகிறேன்” என்று சொல்லி ஒரு கியூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். யுபிஐயில் பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவோ பின் எண் போடவோ தேவையே இல்லை. பின் எண் கேட்டால் உங்கள் கணக்கில் இருந்து பணம் போகப் போகிறது. வீட்டு எண்ணையும் பதிவில் எழுத வேண்டாம். பக்கத்தில் உள்ள அடையாளம் போதும், நேரம் பேசி முடித்த பிறகு முகவரி கொடுக்கலாம்.

இத்தனையும் சேர்த்து அந்தப் பதிவை மறுபடி எழுதினால் இப்படி வருகிறது:

“வாஷிங் மெஷின், ஃப்ரண்ட் லோட், 7 கிலோ. ரூ. 8,000. பள்ளிக்கரணை, 2ஆம் மாடி, லிஃப்ட் இல்லை.

வாங்கியது 2019 ஜூன், பில் இருக்கிறது. மூன்று பேர் குடும்பம். கம்பெனி, மாடல் எண் ஸ்டிக்கர் படத்தில்.

ஓடுபவை: எல்லா புரோகிராமும். ஸ்பின்னில் பேரிங் சத்தம் இல்லை, வெட்டாத வீடியோ இணைத்திருக்கிறேன். ஹீட்டர் 60 டிகிரியில் பார்த்தது, வேலை செய்கிறது.

மாற்றியது: டிரெயின் பம்ப், 2023இல்.

குறை: கதவு ரப்பரில் 1 செ.மீ. கிழிசல், துவைக்கும்போது அரை டம்ளர் தண்ணீர் சொட்டும் (படம் 2). மாற்ற மெக்கானிக் சொன்ன செலவு ரூ. 2,400, அதைக் கழித்துத்தான் விலை. பின்பக்க இடது மூலையில் லேசான துரு (படம் 3).

வெள்ளத் தண்ணீர் பட்டதில்லை. போர்வெல் தண்ணீரில் ஓடியது.

அளவு: அகலம் 60, ஆழம் 55, உயரம் 85 செ.மீ. பின்னால் பைப்புக்கு இடம் விடவும். 16 ஆம்பியர் பிளக் வேண்டும். குழாயில் தண்ணீர் வேகமாக வர வேண்டும்.

உடன் தருவது: தண்ணீர் பைப், டிரான்சிட் போல்ட் 4, ஸ்டாண்ட்.

மெஷின் மாட்டியே இருக்கிறது. சனி, ஞாயிறு காலை 10 முதல் மாலை 5 வரை வந்து ஓடவிட்டுப் பார்க்கலாம். போனில் பேரம் வேண்டாம், பார்த்த பிறகு கொஞ்சம் பேசலாம். பணம் அல்லது யுபிஐ, கழற்றும் முன். எடுத்துச் சென்ற பின் திரும்ப எடுக்க இயலாது.

வண்டியும் இரண்டு ஆளும் நீங்கள் கொண்டுவர வேண்டும். படி 3 அடி அகலம், ஒரு திருப்பம். குட்டி யானை வாசல் வரை வரும். 28ஆம் தேதிக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் பார்த்து உறுதி சொல்பவருக்கே, அட்வான்ஸ் வாங்கி நிறுத்தி வைப்பதில்லை. இந்தப் பதிவுக்குப் பதில் எழுதுங்கள், முகவரி தருகிறேன்.”

நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெஷினை வாங்கும் எண்ணம் உள்ளவர் இதை இரண்டு முறை படிப்பார். மற்றவர்களில் பலருக்கு முதல் வரியே போதும். லிஃப்ட் இல்லை என்று பார்த்து சிலர் விலகுவார்கள், 8,000 பார்த்து சிலர், பிளக்கைப் பார்த்து சிலர். “ரப்பரை நானே மாற்றிக்கொள்வேன்” என்று சொல்லும் ஒருவர் ஆள்களோடு வருவார். அவர் வரும்போது உங்களிடம் கேட்க அவருக்குப் புதிதாக ஒன்றும் இருக்காது. மெஷினை ஓடவிட்டுப் பார்ப்பதுதான் பாக்கி.

ஒருவேளை ஒரு வாரம் ஆகியும் யாரும் வரவில்லை என்றால் அதே பதிவை நாலு முறை திரும்பப் போடாதீர்கள். முதல் வரியில் விலையை 7,000 என்று மாற்றி, “விலை குறைத்திருக்கிறேன்” என்று சேர்த்து ஒரே ஒரு முறை போடுங்கள். கூரைக்கும் தரைக்கும் நடுவில் எங்கே நிற்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியும், தேதி நெருங்க நெருங்க இறங்கலாம்.

விற்று முடிந்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள்தான் திருத்த முடியும். அதனால் பழைய பதிவுக்குள் போய் ‘விற்றாயிற்று’ என்று சேர்க்க முடியாது. அந்தப் பதிவையே குறிப்பிட்டு, கீழே பதிலாக ‘விற்றாயிற்று’ என்று எழுதிவிடுங்கள். வருவதாகச் சொல்லி வைத்திருக்கும் மற்றவர்களுக்குத் தனியாகவும் ஒரு வரி அனுப்புங்கள். மேடவாக்கத்தில் இருந்து ஒருவர் வண்டி பேசிக்கொண்டிருக்கலாம்.

அன்புடன்,
குழுவில் உங்களோடு இருக்கும் ஒருவன்